மைக்ரோவேவ் ஓடும்போதும் கார்ட்லெஸ் போனில் பேசும்போதும் வைஃபை அறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோவேவை ஆன் செய்தால் வைஃபை நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே அலைப்பகுதியில் இயங்குகின்றன. வைஃபையின் பழைய பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ். அது ஏறக்குறைய 2,400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2,483 வரை போகிறது. மைக்ரோவேவுக்குள் இருக்கும் மேக்னட்ரான் என்ற குழாய் 2,450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அலையை உண்டாக்குகிறது, அதாவது அந்தப் பேண்டின் நடுவில். இது தற்செயல் இல்லை. தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று 1947இலேயே ஒதுக்கப்பட்ட பகுதி இது. உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்பதால் 1997இல் வந்த முதல் வைஃபை தரமும் இங்கேயே இடம் பிடித்தது. கார்ட்லெஸ் போன், புளூடூத், குழந்தை கண்காணிப்புக் கருவி என்று பலவும் இங்கே வந்து சேர்ந்ததற்கும் அதுதான் காரணம்.

அடுத்து அளவைப் பாருங்கள். மைக்ரோவேவுக்குள் பல நூறு வாட் சக்தி சுழல்கிறது. கதவின் ஓரத்தில் அதில் மிக மிகச் சிறிய பங்கு கசியும். உங்கள் ரவுட்டர் அனுப்புவதோ ஏறக்குறைய 0.1 வாட்தான். அது சுவர்களைத் தாண்டி அடுத்த அறையில் இருக்கும் லேப்டாப்பை அடையும்போது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு மிஞ்சினாலே நல்ல சிக்னல் என்று சொல்வோம். இவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் கருவிக்கு, மைக்ரோவேவின் சின்னக் கசிவுகூடப் பெரிய இரைச்சல்தான்.

சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கின்றன. அப்புறம் ஏன் எதுவும் லோடு ஆகவில்லை?

இந்தப் பிரச்சினையின் முக்கிய அடையாளமே அதுதான். அந்தக் கோடுகள் ரவுட்டரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. சுற்றியுள்ள இரைச்சல் எவ்வளவு என்று அவை சொல்வதில்லை. டிரில் மெஷின் ஓடும் அறையில் ஒருவர் அதே குரலில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அவர் குரல் குறையவில்லை, ஆனால் சொல் எதுவும் புரியாது.

உள்ளே நடப்பது இரண்டு விதம். வைஃபை கருவி எதையாவது அனுப்பும் முன் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கும். இரைச்சல் பலமாக இருந்தால் ‘இடம் காலியில்லை’ என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். இரைச்சல் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் தைரியமாக அனுப்பிவிடும், ஆனால் மறுமுனையில் அது சிதைந்து சேரும். ‘கிடைத்தது’ என்ற பதில் வராததால் மறுபடி அனுப்பும், மறுபடியும். திரையில் நமக்குத் தெரிவது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் மட்டும்தான்.

ஆகவே கோடுகளும் சேர்ந்து குறைந்தால் தூரமோ சுவரோ காரணமாக இருக்கலாம். கோடுகள் அப்படியே இருக்க, வேலை மட்டும் நின்றால் குறுக்கீட்டைச் சந்தேகப்படுங்கள்.

சில நேரம் மெதுவாகிறது, சில நேரம் முழுசாக அறுந்துவிடுகிறது. ஒரே மைக்ரோவேவ்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

மின்மாற்றி வைத்த சாதாரண மைக்ரோவேவ் தொடர்ந்து அலை வீசுவதில்லை. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்றால், ஒவ்வொரு சுற்றும் 20 மில்லிநொடி. அதில் ஏறக்குறைய ஒரு பாதியில்தான் மேக்னட்ரான் எரிகிறது. மறுபாதி, அதாவது ஏறத்தாழ 10 மில்லிநொடி, அமைதி. (60 சுற்று மின்சாரம் உள்ள இடங்களில் இந்த அமைதி 8 மில்லிநொடி அளவுக்குச் சுருங்கும்.) வைஃபை அந்த அமைதி இடைவெளிகளுக்குள் புகுந்துதான் பிழைக்கிறது.

வைஃபை தரவைப் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக அனுப்புகிறது. 1,500 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை 54 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப கால் மில்லிநொடிகூட ஆகாது. இடைவெளிக்குள் அப்படிப் பல பாக்கெட்டுகள் போய்விடும். ஆனால் பாக்கெட்டுகள் தொலையத் தொலைய, ரவுட்டரும் லேப்டாப்பும் ‘சிக்னல் மோசமாகிவிட்டது போலும்’ என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். தூரம் காரணமாக இருந்தால் அது சரியான முடிவு. இங்கே அதுவே வினையாகிறது. வேகம் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால் அதே பாக்கெட்டுக்கு 12 மில்லிநொடி வேண்டும். இடைவெளியோ 10. எப்போது அனுப்பினாலும் எங்காவது ஓரிடத்தில் மேக்னட்ரானிடம் மாட்டிக்கொள்ளும். மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த இணைப்பு திடீரென்று அறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இணையப் பக்கங்கள் தாக்குப்பிடித்து, வீடியோ அழைப்பு மட்டும் உடைவதற்கும் இதே விளக்கம் பொருந்தும். பக்கம் அரை நொடி தாமதமாக வந்தால் நாம் கவனிப்பதில்லை. குரல் அரை நொடி நின்றால் உடனே தெரிந்துவிடும்.

மைக்ரோவேவ்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் ஒரு விஷயம்: ரவுட்டர் உள்ள பெட்டியோடுதான் பேச வேண்டும், இணையத்தோடு அல்ல. வேகம் அளக்கும் தளங்களைத் திறந்தால் இணைய நிறுவனத்தின் கோளாறும் வைஃபையின் கோளாறும் கலந்துவிடும். அதனால் ரவுட்டரின் முகவரிக்கு பிங் அனுப்புங்கள். பிங் என்பது ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்டும் கட்டளை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் `ipconfig` என்று அடித்தால் `Default Gateway` என்ற வரியில் அந்த முகவரி இருக்கும். அது 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால்:

```
ping -t -l 1400 192.168.1.1
```

மேக்கிலும் லினக்ஸிலும்:

```
ping -s 1400 192.168.1.1
```

1400 என்று ஏன் போடுகிறோம் என்றால், விண்டோஸ் வழக்கமாக அனுப்பும் பிங் 32 பைட்தான். அவ்வளவு சின்னது மேலே சொன்ன அமைதி இடைவெளியில் எளிதாக நழுவிப் போய்விடும். பிரச்சினை இருந்தும் இல்லாததுபோல் தெரியும். பெரிய பாக்கெட் அப்படித் தப்பிப்பது கடினம்.

இதை லேப்டாப்பில் செய்யுங்கள். போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையை அடிக்கடி உறங்க வைப்பதால், குறுக்கீடு இல்லாதபோதே அவற்றின் பிங் ஏறி இறங்கும்.

ஒரு நிமிடம் மைக்ரோவேவ் இல்லாமல் ஓடவிட்டு எண்களைப் பாருங்கள். அப்புறம் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் வைத்து முழு சக்தியில் 2 நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே எதுவும் இல்லாமல் ஓட்டவே கூடாது. அலையை உறிஞ்ச ஆளில்லாமல் மேக்னட்ரானே சூடாகிக் கெட்டுப்போகும். 800 வாட் மைக்ரோவேவில் அரை லிட்டர் தண்ணீர் 2 நிமிடத்தில் 45 டிகிரி அளவுக்குத்தான் சூடேறும், கொதிக்காது. அதனால் சோதனைக்கு இந்த அளவு வசதி. திரும்பத் திரும்பச் சோதிப்பதானால் ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றுங்கள்.

மைக்ரோவேவை நிறுத்தியதும் இன்னும் ஒரு நிமிடம் பிங் ஓடட்டும். எண் ஏறியது மட்டும் போதாது, நின்றதும் இறங்கவும் வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று முறை அதே நேரத்தில் வந்தால்தான் நம்பலாம்.

இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மைக்ரோவேவைப் பாதி சக்தியில் வையுங்கள். மின்மாற்றி வகைகளால் மேக்னட்ரானின் சக்தியைக் குறைக்க முடியாது. சில நொடிகள் முழுசாக ஓட்டி, சில நொடிகள் நிறுத்திவைக்கும். தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், விளக்கும் விசிறியும் நிற்காது. ஆனால் காது கொடுத்துக் கேட்டால் ‘டக்’ என்ற ஒலியும் அதைத் தொடர்ந்து கனத்த ரீங்காரமும் வருவது தெரியும். கொஞ்ச நேரத்தில் ரீங்காரம் அடங்கும்.

பிங் ஓடும் திரையைப் பார்த்தபடியே அந்த ஒலியைக் கேளுங்கள். ரீங்காரம் எழும்போது எண்கள் எகிறி, அடங்கும்போது 3, 4 என்று இறங்கினால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. விசிறி, தட்டைச் சுற்றும் மோட்டார், விளக்கு எல்லாம் இந்த நேரம் முழுவதும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்பதால் அவற்றின் மேல் பழி போடவும் வழியில்லை.

இன்வெர்ட்டர் வகை மைக்ரோவேவில் இது வேலை செய்யாது. அது உண்மையிலேயே சக்தியைக் குறைத்துத் தொடர்ந்து ஓடும். அங்கே முழு சக்திச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேண்டை மாற்றிப் பார்ப்பது எப்படி? என் வீட்டில் ஒரே ஒரு வைஃபை பெயர்தான் தெரிகிறது.

இப்போதைய ரவுட்டர்கள் பல, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்பதைத் தாமாகவே தள்ளிவிடுகின்றன. அன்றாடத்துக்கு அது வசதி. சோதனைக்கு அதுவே பெரிய இடைஞ்சல். நீங்கள் 5இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், லேப்டாப் 2.4இல் இருக்கும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் சோதனை முடியும்வரை 2.4ஐ அணைத்துவையுங்கள். அப்புறம் லேப்டாப் எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். விண்டோஸில்:

```
netsh wlan show interfaces
```

`Channel` என்ற வரியில் 1 முதல் 13 வரை இருந்தால் பெரும்பாலும் 2.4, 36இலோ அதற்கு மேலோ இருந்தால் 5. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் இதே விவரம் கிடைக்கும். விண்டோஸ் கட்டளையை மைக்ரோவேவ் ஓடும்போது ஒருமுறையும் ஓடாதபோது ஒருமுறையும் கொடுத்துப் பாருங்கள். `Signal` ஏறக்குறைய அதே சதவீதத்தில் நிற்க, `Receive rate` அல்லது `Transmit rate` மட்டும் சரிந்தால், இரண்டாவது கேள்வியில் சொன்ன இரைச்சல் கதையை எண்களாகவே பார்க்கிறீர்கள்.

இப்போது லேப்டாப்பை நகர்த்தாமல், அதே மேசையில், 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்து அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். மைக்ரோவேவின் அலை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் பிங் அசையாமல் இருக்க வேண்டும். இருந்தால் குறுக்கீடு உறுதி. பெரும்பாலான வீடுகளில் தீர்வும் இதிலேயே முடிந்துவிடும்: 5க்கு மாறக்கூடிய கருவிகளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை அவ்வளவு எளிதாகத் தாண்டாது. இரண்டு மூன்று சுவர் தள்ளி இருக்கும் அறையில் 5இல் பிங் மோசமாக இருந்தால், மைக்ரோவேவ் ஓடாதபோதும் அதே மோசமா என்று பாருங்கள். அப்படியென்றால் அது தூரத்தின் குறை, வேறு கதை.

தூரத்தை மாற்றிச் சோதிக்கும்போது எதை நகர்த்த வேண்டும்? லேப்டாப்பையா, ரவுட்டரையா?

இரண்டையும், ஆனால் ஒவ்வொன்றாக. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், அதனால் ஒரு வீட்டையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ரவுட்டர் கூடத்தில் ஒரு அலமாரியில் இருக்கிறது. அலமாரிக்குப் பின் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை மேடையில் மைக்ரோவேவ். நேராக அளந்தால் ஒன்றரை மீட்டர். லேப்டாப் படுக்கையறையில், ரவுட்டரிலிருந்து 7 மீட்டர், மைக்ரோவேவிலிருந்து அதைவிடத் தள்ளி. வழக்கமாகப் பிங் 3 முதல் 6 மில்லிநொடி. மைக்ரோவேவ் ஓடினால் 150, 400, நடுநடுவே `Request timed out.` என்று வருகிறது. வீட்டுக்காரர் லேப்டாப்பை இன்னும் தள்ளிக் கொண்டுபோகிறார். மோசம்தான் ஆகிறது.

ஏன்? இங்கே காது அடைபட்டிருப்பது லேப்டாப்புக்கு அல்ல, ரவுட்டருக்கு. லேப்டாப் ரவுட்டர் சொல்வதை நன்றாகவே கேட்கிறது. ஆனால் லேப்டாப் திருப்பிச் சொல்வது, ஒன்றரை மீட்டரில் இரைந்துகொண்டிருக்கும் மைக்ரோவேவுக்கு இடையே ரவுட்டருக்குக் கேட்பதில்லை. ஒரு பாக்கெட் சரியாகச் சேர்ந்தாலும் ‘கிடைத்தது’ என்ற பதில் தொலைந்தால் அது தோல்விதான். லேப்டாப்பை இன்னும் தள்ளி வைத்தால் அதன் குரல் மேலும் மெலிகிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய கேள்வி ஒன்று இருக்கிறது: வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தடுமாறுகின்றனவா, ஒன்று மட்டுமா? எல்லாமே என்றால் மைக்ரோவேவ் ரவுட்டரின் பக்கத்தில் இருக்கிறது. சமையலறை மேசையில் இருக்கும் ஒரு டேப்லெட் மட்டும் என்றால், அந்த டேப்லெட்டின் காதுதான் அடைபட்டிருக்கிறது. அதை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலே சரியாகலாம்.

நம் வீட்டுக்கு வருவோம். லேப்டாப்பைத் தொடாமல், நீளமான நெட்வொர்க் கேபிள் போட்டு ரவுட்டரைக் கூடத்தின் எதிர்மூலைக்குக் கொண்டுபோகிறார்கள். மைக்ரோவேவிலிருந்து இப்போது 6 மீட்டர். தூரம் நான்கு மடங்கானால் திறந்த வெளியில் இரைச்சலின் சக்தி பதினாறில் ஒரு பங்காகும். வீட்டுக்குள் சுவரும் அலமாரியும் வழியில் வந்தால் இன்னும் குறையும். அதே நேரம் படுக்கையறை 5 மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டதால் லேப்டாப்பின் குரலும் உயர்ந்திருக்கிறது. மறுபடி தண்ணீர் வைத்து ஓட்டினால் பிங் 10, 15 வரை ஏறுகிறது, எதுவும் தொலையவில்லை. இது 2.4இலேயே கிடைத்த முன்னேற்றம்.

மைக்ரோவேவிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி வைத்தால் போதும் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாததற்கும் இதுதான் காரணம். நமக்கு வேண்டிய குரலுக்கும் வேண்டாத இரைச்சலுக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. லேப்டாப் ரவுட்டருக்கு ஒரு மீட்டரில் இருந்தால் மைக்ரோவேவ் பக்கத்திலேயே ஓடினாலும் சமாளித்துவிடும்.

ரவுட்டரை நகர்த்த முடியாது, கேபிள் வரும் இடம் அதுதான். சேனலை மாற்றினால் உதவுமா?

ஓரளவு உதவும். 2.4இல் ஒன்றோடொன்று முட்டாத சேனல்கள் 1, 6, 11. அவற்றின் நடுப்புள்ளிகள் 2,412, 2,437, 2,462 மெகாஹெர்ட்ஸ். பல மைக்ரோவேவ்களின் இரைச்சல் 2,450இலும் அதற்குச் சற்று மேலும்தான் அடர்த்தி. அதனால் சேனல் 1 பெரும்பாலும் தப்பிக்கும், 11 அதிகம் அடிபடும். ஆனால் மேக்னட்ரான் ஒரே எண்ணில் நிற்கிற கருவி இல்லை. சூடேற ஏற, சுமை மாற மாற, அதன் அதிர்வெண்ணும் அலைந்துகொண்டிருக்கும். ஆகவே 1இல் வைத்துச் சோதியுங்கள், பிறகு 6, பிறகு 11. எது நன்றாக வருகிறதோ அதையே நிலையாக வையுங்கள். ‘தானியங்கி’ என்ற அமைப்பில் விட்டால் ரவுட்டர் மறுபடி எங்காவது தாவிவிடும்.

கூடவே, அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 20க்குக் குறையுங்கள். அகலமாக உட்கார்ந்தால் இரைச்சலில் மாட்டும் பரப்பும் அகலம்.

5 கிகாஹெர்ட்ஸே தெரியாத பழைய பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு போன்றவற்றுக்கு இதுதான் வழி. பல்புக்குக் கட்டளை இரண்டு நொடி தாமதமாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால், அவற்றைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன்.

வைஃபையையே நிறுத்தும் அளவுக்குக் கசிகிறதென்றால், என் மைக்ரோவேவ் ஆபத்தானதா?

வைஃபை அறுவதை வைத்து அப்படி முடிவு செய்யக்கூடாது. பயன்பாட்டில் உள்ள மைக்ரோவேவுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட கசிவு எல்லை, மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். அதற்கு வெகு கீழே கசியும் நல்ல மைக்ரோவேவ்கூட வைஃபையைத் தொந்தரவு செய்யும், ஏனென்றால் வைஃபை கேட்பது அவ்வளவு மெல்லிய சிக்னலை. தள்ளிப் போகப் போகக் கசிவும் வேகமாகக் குறைந்துவிடும்.

பார்க்க வேண்டியது கதவை. கதவு நேராக மூடவில்லை, கீல் தளர்ந்திருக்கிறது, விளிம்பு வளைந்தோ கருகியோ இருக்கிறது, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது என்றால் வைஃபை நன்றாக ஓடினாலும் அந்த மைக்ரோவேவைப் பயன்படுத்த வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம். உள்ளே உள்ள மின்தேக்கி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தத்தை வைத்திருக்கும்.

வெளியே அலுமினியத் தாள் சுற்றும் யோசனையும் வேண்டாம். காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும்.

கார்ட்லெஸ் போனில் பேசும்போது அறுகிறது. எல்லாக் கார்ட்லெஸ் போனும் இப்படிச் செய்யுமா?

இல்லை. போனின் அடிப்பாகத்திலோ அதன் பேஸின் அடிப்பாகத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். டெக்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் 1,880 முதல் 1,900 மெகாஹெர்ட்ஸிலோ, வட அமெரிக்க வகையானால் 1,920 முதல் 1,930லோ ஓடும். வைஃபையின் எந்தப் பேண்டிலும் அது இல்லை. டெக்ட் 6.0 என்ற பெயரைப் பார்த்து 6 கிகாஹெர்ட்ஸ் என்று நினைப்பவர்கள் உண்டு; அந்த 6.0 அதிர்வெண் அல்ல.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் சந்தேகம் நியாயமானது. அதிலும் இரண்டு வகை. சில போன்கள் ஓரிடத்திலேயே நின்று பேசும். அங்கே வைஃபை சேனலை 1இலிருந்து 11க்கு மாற்றினால் சட்டென்று சரியாகலாம். மற்றவை நொடிக்குப் பல முறை பேண்ட் முழுவதும் தாவிக்கொண்டே பேசும். அவற்றிடம் எந்தச் சேனலுக்குப் போனாலும் தப்ப முடியாது. தூரமும் 5 கிகாஹெர்ட்ஸும்தான் கை கொடுக்கும்.

5.8 கிகாஹெர்ட்ஸ் போன்கள் கொஞ்சம் சிக்கலானவை. அவை வைஃபையின் 149 முதல் 165 வரையிலான சேனல்களில் மோதும். 36 முதல் 48 வரையுள்ள ஒன்றுக்கு மாறினால் விலகிவிடலாம். ஆனால் 5.8 என்று எழுதிய சில மாடல்கள் ஒரு திசையில் 5.8லும் மறுதிசையில் 2.4லும் பேசுகின்றன. சீட்டை மட்டும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

சோதனை மைக்ரோவேவுக்குச் செய்ததைப் போலவே, இரண்டு வித்தியாசங்களோடு. போன் சும்மா இருக்கும்போது அல்ல, 2 நிமிடம் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது பிங் பாருங்கள். அப்புறம், கையில் உள்ள போன் மட்டுமல்ல, பேஸும் அலை அனுப்புகிறது. சில பேஸ்கள் அழைப்பே இல்லாதபோதும் அனுப்பும். அதனால் ‘போன் இல்லாத’ நிலையைப் பார்க்க பேஸின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பேஸும் ரவுட்டரும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் நிற்பது பல வீடுகளில் பார்க்கக்கூடியது. இரண்டுக்கும் நடுவே 2, 3 மீட்டர் விட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினேன், பேஸையும் தள்ளி வைத்தேன். போன் அடித்தாலே இணையம் இன்னும் போகிறது.

உங்கள் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வருகிற டிஎஸ்எல் இணைப்பா? அப்படியானால் இது வைஃபை பிரச்சினையே அல்ல. ஒரே செம்புக் கம்பியில் குரலும் இணையமும் வருகின்றன; இரண்டையும் பிரிக்க ஒவ்வொரு போனுக்கும் முன்னால் ஒரு சின்ன ஃபில்டர், அல்லது நுழைவிலேயே ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்க வேண்டும். அது இல்லாமலோ பழுதாகியோ இருந்தால், மணி அடிக்கும்போதும் போனை எடுக்கும்போதும் டிஎஸ்எல் அறுந்து மறுபடி சேரும்.

கண்டுபிடிப்பது எளிது. இணையம் போகும் நேரத்தில் ரவுட்டருக்கான பிங் 3, 4 என்று சாதாரணமாகவே ஓடும், ஏனென்றால் வைஃபைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரவுட்டரின் முகப்பில் டிஎஸ்எல் விளக்கு மட்டும் கண் சிமிட்டும். கார்ட்லெஸுக்குப் பதில் கம்பி போட்ட சாதாரண போனை மாட்டினாலும் அதேதான் நடக்கும். ஃபில்டரை மாற்றுங்கள்.

மைக்ரோவேவ் போட்டதும் ரவுட்டரின் எல்லா விளக்குகளும் அணைந்து எரிகின்றன. இதுவும் குறுக்கீடா?

இல்லை, இது மின்சாரம். மைக்ரோவேவ் தொடங்கும் கணத்தில் நிறைய மின்சாரத்தை இழுக்கும். ஒரே நீட்டிப்புப் பலகையிலோ பலவீனமான வயரிங்கிலோ இரண்டும் மாட்டியிருந்தால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து ரவுட்டர் மறுபடி தொடங்கும். லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரவுட்டரில் மாட்டிப் பிங் பாருங்கள். கேபிளிலும் அறுந்தால் காற்றில் குற்றமில்லை. ரவுட்டரை வேறு பிளக்குக்கு மாற்றுங்கள், அடாப்டர் பழையதானால் அதே வோல்ட்டேஜில் புதிது போடுங்கள். மைக்ரோவேவை நீட்டிப்புப் பலகையில் மாட்டுவதையும் நிறுத்துங்கள், அது வைஃபையைவிடப் பெரிய விஷயம்.

என் லேப்டாப் 5இல்தான் இருக்கிறது, netsh பார்த்தும் உறுதி செய்தேன். ஆனாலும் மைக்ரோவேவ் ஓடினால் படுக்கையறையில் மட்டும் திணறுகிறது.

படுக்கையறைக்காக நடுவில் ஒரு ரிப்பீட்டரோ மெஷ் பெட்டியோ வைத்திருக்கிறீர்களா? லேப்டாப் அந்தப் பெட்டியோடு 5இல் பேசலாம். ஆனால் அந்தப் பெட்டி ரவுட்டரோடு 2.4இல் பேசிக்கொண்டிருக்கலாம். லேப்டாப்பின் திரையில் அந்த இரண்டாவது கண்ணி தெரியாது.

லேப்டாப்பிலிருந்து இரண்டு சாளரங்களில் இரண்டு பிங் ஓட்டுங்கள், ஒன்று ரிப்பீட்டரின் முகவரிக்கு, இன்னொன்று ரவுட்டரின் முகவரிக்கு. மைக்ரோவேவ் ஓடும்போது முதலாவது அசையாமல் இருக்க, இரண்டாவது மட்டும் எகிறினால் அடிபடுவது நடுக்கண்ணிதான். ரிப்பீட்டரின் அமைப்புப் பக்கத்தில் அது ரவுட்டரோடு சேரும் பேண்டை 5க்கு மாற்றுங்கள். 5இல் எட்டவில்லையென்றால் அதை ரவுட்டருக்குக் கொஞ்சம் நெருக்கமாக, சமையலறைச் சுவரிலிருந்து விலக்கி மாட்டுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் நடுவே கேபிள் போடுங்கள். அந்தக் கண்ணியை அதன் பிறகு மைக்ரோவேவின் இரைச்சல் எட்டாது.